மிச்சம் எவ்வளவு?

என் தாய்மாமாவின் அரிசி ஆலை தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரைப் பக்கம் இருந்தது. நெல் அவிக்கும் பாய்லருக்கு உமிதான் எரிபொருள். உமிக்கரி பொல்லாதது. எடையே இல்லாமல் கிளம்பி, காற்று ஓய்ந்த இடத்தில் இறங்கும். எங்கள் ஆலைக்கு அது மேலத்தெருவின் கொடிகளில் உலரும் வேட்டிகளாக அமைந்துவிட்டது. 1978 கோடையில் அந்தத் தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து வந்து மாமாவிடம் பேசிவிட்டுப் போனார்கள். சண்டை எல்லாம் இல்லை. ஒருவர் மட்டும் கரி படிந்த வேட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மாமா அன்று மாலையே முடிவெடுத்துவிட்டார். "கூண்டு எண்பது அடி இருக்கு. நூறு அடி ஆக்கிட்டா கரி அடுத்த ஊருக்குப் போயிரும்."

நான் அப்போது பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு சிவில். விடுமுறைக்கு வந்திருந்தேன். பொருட்களின் வலிமைப் பாடத்தில் புகைக்கூண்டுக் கணக்கைப் பரீட்சைக்குப் போட்டுப் போட்டுக் கை பழகியிருந்தது. "மாமா, கட்டுறதுக்கு முன்னாடி நான் கணக்குப் பார்க்கிறேன்" என்றேன். "பாரேன் மாப்ளே, காசா பணமா" என்றார்.

நூலைச் சுற்றி அளந்தேன். சுற்றளவு ஒன்பது மீட்டர் நாற்பது சொச்சம். அப்படியானால் வெளிவிட்டம் 3 மீட்டர். அடியில் கரி வாரும் வாசல் வழியாகக் குனிந்து சுவரின் பருமனை அளந்தேன். 50 சென்டிமீட்டர். ஆக உள்விட்டம் 2 மீட்டர். பெரும்பாலான புகைக்கூண்டுகள் மேலே போகப் போகச் சிறுக்கும். இதைக் கட்டியவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று பட்டிருக்க வேண்டும். அடி முதல் நுனிவரை ஒரே பருமன். கணக்குப் போடுகிறவனுக்கு அது வசதி.

முதலில் எடை. செங்கல் கட்டுமானம் கனமீட்டருக்கு 2000 கிலோ என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்பை மட்டும் எடுத்து, அதன் மேல் 24 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் செங்கல் கம்பியைக் கற்பனை செய்தால் அதன் எடை 4.8 கிலோ. சுவர் தடிப்பா மெலிவா, கூண்டு பெரிதா சிறிதா என்பது இதில் வரவே வராது. சுவர் தடித்தால் எடை கூடும், தாங்கும் பரப்பும் அதே விகிதத்தில் கூடும். உயரம் மட்டும்தான் கணக்கு. காற்றே இல்லாத நாளில் அடிக்கல் ஒவ்வொன்றும் சதுர சென்டிமீட்டருக்கு 4.8 கிலோ அழுத்தத்தில் இருக்கிறது.

அடுத்தது காற்று. வகுப்பில் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். உருண்டையான தூணில் காற்று வழுக்கிப் போய்விடும் என்பதால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 கிலோ. கூண்டின் நிழல்பரப்பு 3 மீட்டர் அகலம், 24 மீட்டர் உயரம். மொத்தத் தள்ளல் 7200 கிலோ. அது நடு உயரத்தில், 12 மீட்டரில் தள்ளுவதாகக் கொண்டால் அடியில் உண்டாகும் வளைக்கும் முறுக்கம், அதாவது பெண்டிங் மொமன்ட், 86,400 கிலோ-மீட்டர். இதை எதிர்க்கும் வளையத்தின் திராணியை Z என்று எழுதுவார்கள்:

Z = π(D⁴ − d⁴) / 32D

இந்தக் கூண்டுக்கு அது 2.127 கனமீட்டர். வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 4.06 கிலோ. காற்று அடிக்கும் பக்கத்தில் இது கல்லைத் தூக்கப் பார்க்கும். மறுபக்கத்தில் இன்னும் அழுத்தும். ஆக, காற்றுப் பக்கம் 4.8-லிருந்து 4.06 போக 0.74 அழுத்தம் மிச்சம். மறைவுப் பக்கம் இரண்டும் சேர்ந்து 8.86.

இந்த 0.74-தான் எல்லாம். 1977 நவம்பர் 12 புயலில் எங்கள் பக்கத் தென்னைகள் வளைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். மரத்துக்கு நார் இருக்கிறது, இழுத்தால் தாங்கும். புகைக்கூண்டுக்கு நார் கிடையாது. சுண்ணாம்புக் காரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கல் அது. இழுவை வந்தால் காரை வாய் திறக்கும். திறந்த அளவுக்குத் தாங்கும் பரப்பு குறையும். மீதிப் பரப்பில் அழுத்தம் ஏறும். பெரும்பாலும் புகைக்கூண்டின் கதை மறைவுப் பக்கத்தில் கல் நொறுங்குவதில் தொடங்குவதில்லை. காற்றுப் பக்கத்தில் ஒரு வரிசை திறப்பதில் தொடங்குகிறது. அதை மூடி வைத்திருப்பது கூண்டின் சொந்த எடை ஒன்றுதான்.

இப்போது 30 மீட்டர். எடையால் வரும் அழுத்தம் 4.8-லிருந்து 6 ஆனது. காற்றால் வருவது 4.06-லிருந்து 6.35. உயரம் கால் பங்கு கூடினால் எடைத் தகைவும் கால் பங்கு கூடும். ஆனால் காற்று பிடிக்கும் பரப்பும் கூடி, அது தள்ளும் உயரமும் கூடுவதால் வளைவுத் தகைவு பாதிக்கு மேல் கூடிவிடும். 6-லிருந்து 6.35 போனால் கழித்தல் 0.35. இழுவை.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி சரியான கேள்விதான்: "போன ஐப்பசிப் புயல்ல அசையாம நின்னுச்சே, அது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் மாமா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஓவர்சியரை வரச் சொன்னார். பக்கத்து ஊர்க்காரர். எண்ணெய் போட்டு வாரிய தலை, சைக்கிளில் குடை. என் நோட்டை வாங்கி நின்றபடியே பார்த்தார். பிறகு நெல் காயப்போடும் களத்தின் நடுவே உட்கார்ந்து சாக்கட்டியால் கூண்டின் வளையத்தை உள்ளது உள்ளபடி வரைந்தார். வெளிவட்டம், உள்வட்டம், அதற்கும் உள்ளே 54 சென்டிமீட்டர் ஆரத்தில் இன்னொரு சின்ன வட்டம்.

"தம்பி, காத்து இல்லேன்னா எடையோட கோடு நடுப்புள்ளியில விழும். காத்து அடிக்க அடிக்க அது நகரும். முறுக்கத்தை எடையால வகுத்தா எவ்வளவு நகருதுன்னு வரும். இந்தச் சின்ன வட்டத்துக்குள்ள நின்னா எல்லாக் கல்லும் அழுந்தியே இருக்கும். தாண்டினா ஒரு பக்கம் வாய் திறக்கும்."

கூண்டின் மொத்த எடை 188.5 டன். 24 மீட்டரில் கோடு 46 சென்டிமீட்டர் நகர்கிறது, வட்டத்துக்குள். 30 மீட்டரில் 57, வெளியே. மூன்று பக்கம் போட்ட கணக்கு களத்தில் ஒரு சாக்குப் புள்ளியாக நின்றது. அந்தச் சின்ன வட்டத்தைப் பாடத்தில் படித்திருந்தேன், ஆனால் அதற்குள் ஒரு ஆள் உட்காரலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு ஒரு யோசனை. "கல்லு வேணாம். மேல தகரத்துல குழாய் வெச்சுருவோம். எடையே இருக்காது."

ஓவர்சியர் சிரிக்கவில்லை, போட்டுப் பாரு என்று என்னிடம் சாக்கட்டியை நீட்டினார். வாயளவுக்கு 2 மீட்டர் விட்டத்தில் 6 மீட்டர் தகரக் குழாய். காற்று 1200 கிலோ தள்ளும், அதுவும் 27 மீட்டர் உயரத்தில். முறுக்கத்தில் 32,400 கூடுகிறது. எடையில் கூடுவது ஒரு டன்கூட இல்லை. கோடு 63 சென்டிமீட்டரில் போய் விழுந்தது. கல்லில் உயர்த்துவதைவிட மோசம். எடை பாரம் என்றே நாம் பழகிவிட்டோம்; கூண்டின் அடியில் அது காற்றுக்கு எதிராக நம் பக்கம் நிற்கும் ஒரே ஆள் என்பது மாமாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் புத்தியில் ஏற நேரமாயிற்று.

புயல் கேள்விக்கும் ஓவர்சியர்தான் பதில் சொன்னார். அந்தப் புயலில் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில் வீசியது. அந்த வேகத்துக்கு அழுத்தம் சதுர மீட்டருக்கு 70 கிலோவைத் தாண்டாது. நான் எடுத்த 150 கிலோவுக்கு மணிக்கு 178 கிலோமீட்டர் காற்று வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் அழுத்தம் இரண்டே கால் மடங்கு ஆகிறது, ஏனென்றால் அது வேகத்தின் இருமடிப்படி ஏறும். "புயல்ல நின்னுச்சுன்னா, அந்தப் புயலுக்கு நின்னுச்சுன்னு அர்த்தம். பரீட்சையில பாதிக் கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கு" என்றார்.

பிறகு நோட்டைத் திருப்பி 0.74 இருந்த இடத்தில் விரலை வைத்தார். "மிச்சம் இவ்வளவுதானே? காத்து நூத்துக்கு இருபது கூடினா என்ன ஆகும்?"

நூற்றுக்கு இருபது கூடினால் 4.06 என்பது 4.87 ஆகும். 0.74 இருந்த இடத்தில் கழித்தல் 0.07. காற்று ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கு மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு குறையவில்லை, முழுவதும் போய்விட்டது. இரண்டு பெரிய எண்களைக் கழித்து வரும் சின்ன எண்ணின் சுபாவம் அது. மிச்சத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. கழிப்பதற்கு முன்பே காற்றைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் பார்க்க வேண்டும். இன்றைய தர விதிகளில் நிலைப்புக்கு எடையை 0.9 ஆலும் காற்றை 1.5 ஆலும் பெருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இறுதியாண்டில் ஃபெரிபிரிட்ஜ் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த விரல்தான் நினைவு வந்தது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் ஃபெரிபிரிட்ஜ் மின்நிலையத்தில் 114 மீட்டர் உயரக் குளிர்விப்புக் கோபுரங்கள் எட்டு. 1965 நவம்பர் 1 அன்று காற்றில் மூன்று சரிந்தன. அவை புகைக்கூண்டு அல்ல, மெல்லிய கான்கிரீட் ஓடு. ஆனால் காற்றுப் பக்கத்தில் நடந்தது இதே கழித்தல்தான்: காற்று தூக்குவது, எடை அழுத்துவது, நடுவே மிச்சம். ஒரு நிமிடச் சராசரிக் காற்றை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். நொடிக்கணக்கில் வந்துபோகும் வீச்சு அதைவிட அதிகம். போதாததற்கு, முன்வரிசைக் கோபுரங்கள் காற்றைக் கலக்கிப் பின்வரிசைமீது விட்டன. விழுந்த மூன்றும் மறைவில் நின்றவை.

களத்துக்குத் திரும்புகிறேன். இழுவை எங்கிருந்து எங்கே வரை என்று பார்த்தேன். நுனியிலிருந்து 28.4 மீட்டர் கீழே வரும்வரை எடை ஜெயிக்கிறது. அதற்குக் கீழேதான் காற்று முந்துகிறது. அப்படியானால் 30 மீட்டர் கூண்டில் வாய் திறக்கக்கூடியது அடியில் ஒன்றரை மீட்டர் சொச்சம் மட்டும்தான். எனக்குக் குஷி தாங்கவில்லை. "சார், அடியில மட்டும் சுத்தி ஒரு முழம் தடிச்சுக் கட்டிட்டா போதும். மேல ஒண்ணும் செய்ய வேணாம்."

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். பிறகு கூண்டைப் பார்த்தார். "அங்கதானே தம்பி வாசல் இருக்கு. அதை எங்க கழிச்சிருக்கே?"

கழிக்கவில்லை. அந்த வாசல் வழியாகத்தான் குனிந்து சுவரை அளந்திருந்தேன். இருந்தும் கணக்கில் முழு வளையமாகவே எழுதியிருந்தேன். பரீட்சைத் தாளில் எந்தக் கூண்டுக்கும் வாசல் இருந்ததில்லை.

இரவு அரிக்கேன் விளக்கில் மறுபடி உட்கார்ந்தேன். வாசல் அகலம் 90 சென்டிமீட்டர், உயரம் என் மார்பளவு. பரப்பில் போவது நூற்றுக்குப் பதினொன்றுதான். ஆனால் போவது வளையத்தின் விளிம்பில். வளைவை எதிர்ப்பதில் விளிம்புக்குத்தான் மதிப்பு அதிகம். திராணியில் சுமார் கால் பங்கு போய்விட்டது. இன்னொன்று, வளையத்தின் மையம் வாசலை விட்டு 16 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் போகிறது. எடை பழைய நடுவிலேயே இறங்குகிறது. ஆகவே காற்று இல்லாமலேயே கூண்டு வாசல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பது போல.

நான் நினைத்தது, காற்று வாசல் பக்கமிருந்து அடித்தால் மோசம் என்று. கணக்கு நேரெதிராக வந்தது. வாசலுக்குப் பின்பக்கமிருந்து அடிக்கும் காற்றுதான் எடையின் சாய்வோடு சேர்ந்துகொள்கிறது. உயர்த்தாமல் இருக்கும் 24 மீட்டரிலேயே, பின்சுவரில் ஒரு கிலோவுக்கு மேல் இழுவை. வாசல் ஓரக் கற்களில் 13 கிலோவுக்கு மேல் அழுத்தம். நல்ல சூளைக்கல்லும் நல்ல காரையும் இருந்தாலும் யோசிக்க வேண்டிய எண் அது. 150 கிலோ காற்று வந்தால்தான் இதெல்லாம். ஆனாலும் அன்றிரவு தென்னங்கீற்று அசைந்தபோதெல்லாம் எழுந்து பார்த்தேன்.

காலையில் ஓவர்சியர் ஒரு மேஸ்திரியோடு வந்தார். மாமா கூண்டின் நெட்டு விரிசல்களைக் காட்டி, அதுதான் ஆபத்தா என்று கேட்டார். நெட்டு விரிசல் சூட்டால் வருவது; உள்பக்கம் காய்ந்து விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்திருக்க, தோல் கிழிவது போலக் கிழியும். கவனிக்க வேண்டியதுதான், ஆனால் பெரும்பாலும் அதனால் கூண்டு விழாது. ஓவர்சியர் தேடியது வேறு. வாசலுக்கு நேர் பின்னால் முழங்காலளவில் உட்கார்ந்து, வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டிப் படுக்கை வரிகளை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் இரண்டு முழ நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு, காரையோடு காரையாக. மேஸ்திரி இரண்டு கண்ணாடித் துண்டுகளை வரிக்குக் குறுக்கே சிமென்ட் வைத்து ஒட்டினார். வரி அசைந்தால் கண்ணாடி விரிசல் விடும். அதைவிட மலிவான கருவி கிடையாது. அடுத்த தை வரை கண்ணாடி உடையவில்லை. அந்த ஆண்டு எங்கள் பக்கம் பெரிய காற்று இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உயர்த்துவது கைவிடப்பட்டது. வாசலின் இருபுறமும், கூண்டோடு பல் விட்டுப் பிணைத்து, தடித்த தூண்போலக் கட்டச் சொன்னார் ஓவர்சியர். இதற்கு ஒரு வரம்பு உண்டு. புதுக் கல் பழைய எடையில் பங்கு வாங்காது; ஏற்கெனவே இறங்கிய பாரம் பழைய கல்லிலேயே இருக்கும். காற்று வந்து அழுத்தும்போதுதான் புதுக் கல் வேலை செய்யத் தொடங்கும். அதனால் இழுவைப் பக்கத்தில் கட்டினால் பெரிய பயன் இல்லை, எடை இல்லாத கல்லை மூடி வைக்க எதுவும் கிடையாது. வாசல் பக்கமோ அழுத்தம் ஏறும் பக்கம். அங்கே கட்டியது உதவும். மேலத்தெரு வேட்டிகளுக்கு வேறு வழி பார்த்தார்கள்: கூண்டுக்குப் போகும் வழியில் ஒரு தொட்டி அறை கட்டிப் புகையை மெதுவாக்கினார்கள், கரி பாதி அங்கேயே படிந்தது. மீதிப் பாதியைத் தெரு பொறுத்துக்கொண்டது.

1990-களின் நடுவில் மாமா ஆலையை மூடினார். கூண்டைப் பிரிக்கும் நாளில் நான் போயிருந்தேன். மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக எடுத்து உள்ளுக்குள்ளேயே கல்லைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பாதி உயரத்துக்குக் கீழே வந்ததும் மேஸ்திரியின் மகன் கூப்பிட்டான். சுவர் ஒரே சுவர் அல்ல. உள்ளே சூடு தாங்க 11 சென்டிமீட்டரில் தனிச் சுவர், பிறகு 4 சென்டிமீட்டர் வெற்றிடம், அப்புறம்தான் வெளிச்சுவர். வாசலின் பக்கங்களைக் கல் வைத்து மூடிப் பூசியிருந்ததால் 1978-இல் என் அளவுகோலுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. உள்சுவர் தன் எடையைத் தான் தாங்கிக்கொண்டு சும்மா நிற்பது. காற்றோடு மல்லுக்கட்டியது வெளிச்சுவர் மட்டும், 35 சென்டிமீட்டர்.

டீக்கடையில் உட்கார்ந்து சிகரெட் அட்டையில் போட்டேன். உள்விட்டம் 2.3 மீட்டர். எடைத் தகைவு மாறவில்லை, 4.8. காற்றால் வருவது 4.98. வாசலைக் கழிக்காமலேயே மிச்சம் கழித்தல் 0.18.

பழைய புகைக்கூண்டு எதையாவது உயர்த்தவோ வாசலை அகலப்படுத்தவோ உங்களிடம் கேட்டால், நோட்டைத் திறப்பதற்கு முன் அடியில் ஒரு கல்லைப் பெயர்த்து, வெளிச்சுவர் மட்டும் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள்.